31 டியூப்களும் ஒரே தவறல்ல

கேள்வி: நானும் என் கணவரும் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் லேப் நடத்துகிறோம். டி.எம்.எல்.டி. முடித்த 24 வயதுப் பெண் ஒருவர் 14 மாதமாக எங்களிடம் வேலை பார்க்கிறார். முதல் பத்து மாதம் தங்கமான வேலை. மே மாதம் ஹோம் கலெக்‌ஷன் ஆரம்பித்து, பையில் சிரிஞ்சும் பட்டர்ஃப்ளை ஊசியும் கொடுத்து அவரை அனுப்பினோம். ஆகஸ்டிலிருந்து நாலு கிராமங்கள் கூடியதால் காலை ஐந்தரைக்கே கிளம்பச் சொன்னோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர் எடுத்ததில் 31 சாம்பிள் ரிஜெக்ட். லேபிலேயே நோயாளியைச் சேரில் உட்கார வைத்து ரத்தம் எடுக்கும் இன்னொரு டெக்னீசியனுக்கு 9தான். ஜூலையில் புதிதாக வந்த பேத்தாலஜி டாக்டரும் "இவர் எடுக்கிற ரத்தத்தை நம்ப முடியவில்லை" என்கிறார். நூறு தடவை சொல்லிவிட்டேன், இரண்டு மெமோவும் கொடுத்தேன். ஒரு வருஷம் முடிந்ததும் ஆயிரம் ரூபாய் கூட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அதையும் ஜூலையில் நிறுத்திவிட்டேன். இப்போது பேசுவதே இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம் லேட்டாக வருகிறார். சுத்த அலட்சியம். ரீ-கலெக்‌ஷன் செலவைச் சம்பளத்தில் பிடிக்கலாமா, இல்லை கணக்கை முடித்து அனுப்பிவிடலாமா? ரெஜிஸ்டர் பக்கங்களையும் மெமோக்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, ரெஜிஸ்டரை அனுப்பியதற்கு முதலில் நன்றி. என்னிடம் இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தை மட்டும்தான் அனுப்புவார்கள். தேதி, நேரம், நோயாளியின் வயது, எந்த டெஸ்ட், எங்கே எடுத்தது, ஏன் ரிஜெக்ட் ஆனது என்று எல்லாப் பத்திகளையும் உங்கள் லேப் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் என்னால் இங்கே உட்கார்ந்துகொண்டு ஏதோ சொல்ல முடிகிறது.

"அலட்சியம்" என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த 31 வரிகளையும் காரணவாரியாகப் பிரித்தேன். ரத்தம் உடைந்து சீரம் சிவந்துபோனது, அதாவது ஹீமோலைசிஸ், 14. நீல மூடி டியூபில் அளவு குறைந்தது 9. பெயர் லேபிள் மாறியது 5. மீதி மூன்று சில்லறை, அவை எல்லா லேபிலும் நடப்பவை, விட்டுவிடலாம். முதல் மூன்று வகைக்கும் காரணம் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றில் அந்தப் பெண்ணுக்கு விதியே தெரிந்திருக்காது. ஒன்றில் விதி தெரிந்தும் கை பழகியிருக்காது. ஒன்றில்தான், விதியும் தெரியும், கையும் வரும், ஆனால் மனம் அங்கே இல்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நீங்கள் மூன்றுக்கும் மூன்றாவதன் மருந்தையே கொடுத்துவிட்டீர்கள்.

நீல மூடி டியூப்: சொல்லப்பட்டதா?

இந்த ஒன்பதில் ஒன்றுகூட ஜூன் மாதத்தில் இல்லை. எல்லாம் ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, அதாவது புது டாக்டர் வந்த பிறகு. அந்தப் பெண் ஜூன் முழுக்கச் சரியாக நிரப்பிவிட்டு ஜூலையில் திடீரென்று மறந்திருப்பார் என்பதைவிட, ஜூன் வரை டியூபில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே ரத்தம் இருந்தாலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், டாக்டர் வந்து நிறுத்தினார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டாக்டர் செய்தது சரி. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் இந்த டியூபில், உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் இருக்க வேண்டும். 0.3 மில்லி சிட்ரேட் உள்ள டியூபுக்கு 2.7 மில்லி. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் நீண்டதுபோலக் காட்டும். அந்த நேரத்தை வைத்துக் கணக்கிடும் ஐ.என்.ஆர். எண் கூடி நிற்கும். இதய வால்வு மாற்றியவருக்கு அதைப் பார்த்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதி மாறியது சரி, அது ஹோம் கலெக்‌ஷனுக்குப் போகிறவர் காதுக்கு எப்படி வந்தது? நீங்கள் அனுப்பிய இரண்டு மெமோக்களையும் படித்தேன். முதலாவதில் "இனிமேல் கவனமாக வேலை செய்யவும்." இரண்டாவதில் "தரமான முறையில் சாம்பிள் எடுத்து வரவும்." நீல மூடி என்றோ, கோடு என்றோ, அளவு என்றோ ஒரு சொல் இல்லை. நூறு தடவை சொன்னதும் இதே வாசகமாக இருந்தால், நூறு தடவை கண்டித்திருக்கிறீர்கள், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். "நீல மூடி டியூப் எவ்வளவு நிரம்பியிருந்தால் நாம் ஏற்றுக்கொள்வோம், குறைந்தால் என்ன செய்வோம்?" இதே கேள்வியை அந்தப் பெண், இன்னொரு டெக்னீசியன், டாக்டர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் பதிலையும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் என் ஊகம் தப்பு. வேறு வேறாக இருந்தால், உங்கள் லேபில் இதற்கு விதியே இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு யாரையும் தண்டிக்க முடியாது. இன்னொரு டெக்னீசியனுக்கு ஏன் இந்தப் பிரச்சினை வரவில்லை என்று கேட்பீர்கள். அவர் சேரில் நேரான ஊசியில் எடுக்கிறார், வேக்குவம் டியூப் தானாகக் கோடுவரை இழுத்துக்கொள்கிறது. அவரும் விதி தெரியாமலே தப்பித்திருக்கலாம்.

விதியைச் சொன்னால் மட்டும் போதாமலும் போகலாம். பட்டர்ஃப்ளை ஊசியின் குழாயில் காற்று இருக்கும். அதில் முதலாவதாக நீல டியூபைச் செருகினால், அந்தக் காற்று முதலில் உள்ளே போய் வேக்குவத்தைத் தின்றுவிடும், ரத்தம் கோட்டைத் தொடாது. முதலில் ஒரு வீண் டியூபைச் செருகிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகுதான் நீல டியூப். இதை யாராவது காட்டிக் கொடுத்தால் ஒழிய, எவ்வளவு அக்கறையாக வேலை செய்தாலும் டியூப் குறையத்தான் செய்யும்.

உடைந்த ரத்தம்: கை பழகியதா?

9க்கு எதிராக 31 என்ற ஒப்பீட்டை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெண் மூன்று மாதத்தில் சேரில் எடுத்தது சுமார் 850, வீடுகளில் 610. ஹீமோலைசிஸ் சேரில் 3, வீடுகளில் 11. இன்னொருவர் சேரிலேயே எடுத்த சுமார் 2,100இல் அவருக்கு 6. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், சேரில் இருவருக்கும் மூன்றோ மூன்றரையோதான். வித்தியாசமே இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டு வேலையில் மட்டும் ஆயிரத்துக்கு 18. ஆளைவிட இடமும் கருவியும்தான் இங்கே மாறியிருக்கின்றன. "முதல் பத்து மாதம் நன்றாகத்தானே செய்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து மாதம் அவர் செய்தது வேறு வேலை.

வீட்டில் யாரும் பார்க்காததால் அலட்சியமாக எடுக்கிறார் என்றும் வாதம் செய்யலாம், நியாயமான வாதம்தான். ஆனால் அலட்சியம் நோயாளியின் வயதைப் பார்த்து வராது. அந்த 11 பேரில் பத்துப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அதே காலைகளில் அதே தெருவில் இளவயதுக்காரர்களிடம் எடுத்தது எல்லாம் நன்றாக இருக்கிறது. மெல்லிய நரம்பில் சிரிஞ்சை வைத்து எடுக்கத் தெரியாதவரின் கை இப்படித்தான் தடம் விடும்.

ஸ்கூட்டர் குலுக்கலையும் வெயிலையும் சந்தேகப்பட வேண்டும். அதற்கு ஒரு அடையாளம் உண்டு: பெட்டி குலுங்கியிருந்தால் அன்றைய பெட்டியில் பல டியூப்கள் சேர்ந்து கெடும். உங்கள் ரெஜிஸ்டரில் ஒரு நாளைக்கு ஒன்றுதான், ஒரே ஒரு நாள் இரண்டு. ஆகவே எடுக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரோ நீங்களோ இரண்டு காலை அவருடன் போங்கள். குறை கண்டுபிடிக்க வரவில்லை, சிரிஞ்சில் எடுப்பதைப் பார்க்க வருகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு பாட்டியின் கையை நீட்டி வைத்து, நரம்பு தேடும்போது பாருங்கள். ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாகவே இருக்கிறதா? மெல்லிய நரம்பில் பத்து மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை வெடுக்கென்று இழுக்கிறாரா? எடுத்த ரத்தத்தை அதே ஊசி வழியாகக் கட்டை விரலால் அழுத்தி டியூபுக்குள் பீய்ச்சுகிறாரா? ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாமல், மருந்து பாட்டிலைப்போலக் குலுக்குகிறாரா? இவற்றில் ஏதாவது இரண்டைப் பார்த்தாலே 11க்கும் பதில் கிடைத்துவிடும். சின்ன சிரிஞ்ச், நிதானமான இழுப்பு, சிரிஞ்சிலிருந்து டியூபுக்கு மாற்றும் கருவி, அழுத்தாமல் டியூபே இழுத்துக்கொள்ள விடுவது. கற்றுக் கொடுக்கக்கூடிய விஷயங்கள் இவை, ஒருவர் பக்கத்தில் நிற்கப் பத்து நோயாளிகள் போதும்.

கற்றுக் கொடுத்த பிறகு அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாதத்துக்கு வீட்டில் எடுப்பது சுமார் 200. பழைய கணக்கில் அதில் மூன்று நான்குதான் கெடும். ஒரு வாரம் எதுவும் கெடாவிட்டால் அது தற்செயலாகவும் இருக்கலாம், ஒன்று கெட்டால் அதுவும் அப்படியே. இரண்டு மாதமாவது பாருங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது சரியாக எடுத்துவிட்டு, தனியாகப் போனதும் அதே பாட்டிகளிடம் பழையபடி கெடுகிறது என்றால், அப்போது நீங்கள் சொன்ன சந்தேகத்துக்கு நானும் வருவேன்.

லேபிள் மாறியது: இங்கேதான் பேச வேண்டும்

இந்த ஐந்தும் வேறு ரகம். லேபிள் விதி அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் ஒன்றுகூட மாறவில்லை. ஆகஸ்ட் பத்துக்குப் பிறகு ஐந்து. அதில் மூன்று ஒரே வீட்டுக் கணவன் மனைவி: இருவருக்கும் சர்க்கரை, இருவரும் வெறும் வயிற்றில் காத்திருக்கிறார்கள், இருவர் டியூபும் இடம் மாறியிருக்கிறது. எனக்குப் படுவது இது. நேரத்தை மிச்சம் பிடிக்க, லேபிளை முன்கூட்டியே டியூபில் ஒட்டி எடுத்துக்கொண்டு போகிறார்.

காரணம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாதது இது ஒன்றுதான். நாளைக் காலையே நிறுத்துங்கள்: ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி எதிரில், பெயரும் வயதும் அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒட்டினால்தான் டியூப் பெட்டிக்குள் போகலாம். இரண்டு டெக்னீசியன்களுக்கும் ஒரே விதி. இது தண்டனை அல்ல, நோயாளிக்குப் பாதுகாப்பு. காரணம் தேடுவது தனி வேலை.

தேடும்போது ஆகஸ்டில் என்ன மாறியது என்று பாருங்கள். நாலு கிராமம் கூடியது, கிளம்பும் நேரம் முன்னால் வந்தது. லேபிள் மாறிய நாட்களில் எத்தனை வீடு, எத்தனை மணிக்கு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ரூட்டின் கடைசியில், பதினைந்து வீடு தாண்டிய நாட்களில் என்றால், மனசைக் குறை சொல்வதற்கு முன் ரூட்டைக் குறைக்க வேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பியவர் மறுநாள் லேபுக்குப் பத்து நிமிடம் லேட்டாக வருவதும் அந்தக் கணக்கில் சேரலாம். லேட்டாக வருவதை வைத்து மட்டும் ஆர்வம் போய்விட்டது என்று நான் முடிவு கட்ட மாட்டேன்.

இன்னொன்று, உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும் சொல்கிறேன். ஆயிரம் ரூபாயை நிறுத்தியது ஜூலை, லேபிள் மாற ஆரம்பித்தது ஆகஸ்ட். வேலை கெட்டதால் நிறுத்தினேன் என்பது உங்கள் கணக்கு. சொல்லிக் கொடுக்காத விஷயத்துக்காகக் கேவலப்படுத்தி, சொன்ன வாக்கையும் மீறினார்கள் என்பது அவருடைய கணக்காக இருக்கலாம். நீல டியூபையும் உடைந்த ரத்தத்தையும் அலட்சியம் என்று படித்ததுதான் உண்மையான அலட்சியத்தைப் பிறப்பித்திருக்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் பத்து மாதம் தங்கமாக வேலை செய்தவர் பேச்சை நிறுத்திக்கொள்வது சின்ன அறிகுறி அல்ல.

தனியாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கணவர் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று தொடங்கினால் "சாரி மேடம்" என்பதோடு முடிந்துவிடும். லேபிள் மாறிய ஒரு நாளை எடுத்துக்கொண்டு, "அந்தச் சனிக்கிழமை காலைல கிளம்பினதிலேர்ந்து ஒவ்வொண்ணா சொல்லும்மா, நான் திட்டறதுக்குக் கேக்கலை" என்று ஆரம்பியுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "ஜூலைலேர்ந்து என் மேல உனக்கு ஏதாவது வருத்தம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நீளும். நீங்கள் நிரப்பாதீர்கள்.

வருகிற பதிலைப் பொறுத்துத்தான் அடுத்தது. நேரம் போதவில்லை என்றால் ரூட். பணம் என்றால், எந்தத் தேதியிலிருந்து தருவீர்கள் என்று அப்போதே சொல்ல வேண்டும், "பாக்கலாம்" கூடாது. வீட்டில் கல்யாணப் பேச்சு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது இருந்தால் கொஞ்ச காலம் சேருக்கே மாற்றிப் பாருங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னால், அதை ஏற்றுக்கொண்டு மரியாதையாகப் பிரிவதற்கு நாள் பேசுங்கள். பயிற்சி கொடுத்து அதை மாற்ற முடியாது.

பிடித்தமும் வேலை நீக்கமும்

இழப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அந்த இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. விதியைச் சொல்லாமல், கருவியைப் பழக்காமல் அனுப்பிவிட்டு 23 சாம்பிளுக்கு அதைக் காட்ட உங்களால் முடியாது. பிடிக்காதீர்கள்.

வேலையை விட்டு அனுப்புவதற்கும் இப்போது உங்கள் கையில் இருக்கும் இரண்டு மெமோக்கள் போதாது. எந்தத் தவறு, எவ்வளவு சரியாக வேண்டும், எதற்குள் என்ற மூன்றும் அவற்றில் இல்லை. விதியை எழுதிக் கொடுத்து, பயிற்சி தந்த தேதியைக் குறித்து, இரண்டு மாதம் பார்த்த பிறகும் லேபிள் மாறிக்கொண்டே இருந்தால், அனுப்புவதற்கு நியாயமும் இருக்கும், பேப்பரும் இருக்கும். அப்போதும் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டே கடிதம் கொடுங்கள்.

நான் ஒரு மருத்துவமனையில் பணியாளர் நிர்வாகத்தில் இருந்தபோது, இரவு டூட்டியில் இருந்த ஒரு உதவியாளர் நோயாளிகளின் சிறுநீர் அளவைச் சார்ட்டில் எழுதுவதே இல்லை என்று புகார் வந்தது. நேரில் போய்ப் பார்க்காமல் நான்தான் மெமோ எழுதினேன், இரண்டாவது மெமோவில் அவர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவரின் சார்ட்டும் காலியாகவே இருந்தது. பிறகுதான் விசாரித்தோம். அளவு ஜாடி ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டோரில் வைத்துப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினேன், வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்ணை நாளைக்கு அனுப்பிவிட்டு அதே பையை வேறொருவர் தோளில் மாட்டினால், அவர் எடுக்கும் நீல டியூபும் கோட்டைத் தொடுமா என்று யோசியுங்கள்.

ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பத்தியை மட்டும் கூட்டுங்கள்: எதில் எடுத்தது, நேரான ஊசியா, பட்டர்ஃப்ளையா, சிரிஞ்சா. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். அவரிடம் பேசியதில் என்ன சொன்னார் என்பதையும், அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும், எழுதுங்கள்.